மூன்று நொடிக்கு ஒரு மாற்றம் என்று நம்பி நான் இழந்த நான்கு மாதங்கள்

நான் புகைப்படம் எடுக்கக் கற்றுத் தருபவன். நேரில் சொல்லிக் கொடுத்த பாடங்களையே கேமரா முன்னால் உட்கார்ந்து பேசி, வீடியோவாகப் போடத் தொடங்கினேன். வகுப்பில் நான் பேசும்போது யாரும் எழுந்து போனதில்லை. அதனால் வீடியோவிலும் உட்கார்ந்து கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஷட்டர் வேகம் பற்றி ஒன்பது நிமிட வீடியோ ஒன்றைப் போட்டேன். இரண்டு நாள் கழித்து யூடியூப் ஸ்டுடியோவில், எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கிராஃபைத் திறந்து பார்த்தேன். முதல் முப்பது நொடி முடியும்போது 52 சதவீதம் பேர்தான் மிச்சம். அதற்கப்புறம் கோடு மெதுவாக இறங்கி, இரண்டாவது நிமிடம் பத்தாவது நொடியில் படிக்கட்டில் கால் தவறியதுபோல ஒரேயடியாக விழுந்திருந்தது. ஒரு ஆள் சராசரியாகப் பார்த்தது இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வகுப்பில் முப்பது பேர் பாதியில் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. தேடிப் படித்ததில் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். பேசும் வீடியோவில் முகம் மட்டும் அசையாமல் இருந்தால் பார்ப்பவர் கண் சலித்துவிடும், அதனால் மூன்று நொடிக்கு ஒரு முறையாவது திரையில் ஏதாவது மாற வேண்டும் என்றார்கள். இதற்கு பேட்டர்ன் இன்டரப்ட் என்று பெயர். கண்ணுக்குப் பழகிப்போன ஓட்டத்தை வேண்டுமென்றே உடைத்து, கவனத்தைத் திரும்ப இழுப்பது. ஜூம் செய்யலாம், வேறு காட்சியைச் செருகலாம், எழுத்து போடலாம், சத்தம் சேர்க்கலாம். கேட்க நியாயமாக இருந்தது. ஒன்பது நிமிடம் என்றால் 540 நொடி. மூன்றால் வகுத்தால் 180 மாற்றங்கள். ஒரு தாளில் 180 என்று எழுதி வட்டம் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

அதே வீடியோவை எடுத்து மறுபடி எடிட் செய்தேன். ஆறு வாரக் கடைசிகள் அதிலேயே போயின. மாற்றங்களுக்கென்றே விற்கும் எஃபெக்ட் தொகுப்பு ஒன்று, சத்தங்கள் தொகுப்பு ஒன்று, பொதுவான வீடியோ துண்டுகளுக்கு ஒரு சந்தா என்று வாங்கினேன். பாதி தூரம் வந்ததும் தனியாக முடியாது என்று ஒரு எடிட்டருக்கும் பணம் கொடுத்தேன். எல்லாம் சேர்ந்து என் ஒரு மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. முடித்துப் பார்த்தபோது வீடியோ பளபளவென்றுதான் இருந்தது. குழந்தை என்று சொன்னால் குழந்தை ஓடியது, ஷட்டர் என்று சொன்னால் ஒரு கேமரா க்ளிக் ஆனது, ஒவ்வொரு ஜூமுக்கும் விஷ் என்று ஒரு சத்தம் வந்தது. பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டேன்.

முப்பது நொடியில் மிச்சம் இருந்தவர்கள் 61 சதவீதமாக ஏறினார்கள். அரை நாள் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் மற்றதைப் பார்த்தேன். சராசரியாகப் பார்த்த நேரம் இரண்டு நிமிடம் இருபத்தைந்து நொடியாகக் குறைந்திருந்தது. ஐம்பதாவது நொடியிலிருந்து கோடு நிற்காமல் சரிந்துகொண்டே போனது. கீழே ஒருவர், "நல்ல விஷயம் சொல்றீங்க, ஆனா பார்க்க முடியல, தலை வலிக்குது, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எரிச்சல் வரவில்லை, வெட்கமாக இருந்தது. என் பாடத்தைக் கேட்க ஆசைப்பட்ட ஒருவர், அதற்காகக் கண்ணை மூட வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் எதுவும் போடவில்லை. அந்த மாதத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம், சத்தத்தை அணைத்துவிட்டு என் வீடியோவை நானே முழுதாகப் பார்த்தது. முதல் இருபது நொடி கண் திரையிலேயே நின்றது. அதற்கப்புறம் ஜூம்கள் ஒரு தாளம்போல ஆகிவிட்டன. அடுத்தது எப்போது வரும் என்று எனக்கே முன்கூட்டித் தெரிந்தது. மின்விசிறியின் சத்தம் கொஞ்ச நேரத்தில் காதில் விழாமல் போகும் இல்லையா, அதேபோல மாற்றங்கள் கண்ணில் படாமல் போயின. இதற்கு உடலியலில் பழைய விளக்கம் உண்டு. புதிதாக ஏதாவது தோன்றினால் விலங்கும் மனிதனும் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதை இவான் பாவ்லோவ் "அது என்ன?" அனிச்சை என்று அழைத்தார். பின்னால் வந்த எவ்கெனி சோகோலோவ் அதை விரிவாக ஆராய்ந்தார். ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் திரும்பிப் பார்த்தல் மெல்ல மங்கிப் போய்விடும், எதிர்பார்த்ததற்கு மாறாக ஒன்று வந்தால்தான் மறுபடி எழும். சீரான இடைவெளியில் ஒரே மாதிரி ஜூம் போட்டதில், உடைக்க வேண்டிய ஓட்டத்தை நானே புதிதாகச் செய்து வைத்திருந்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த 180 மாற்றங்களில் எதுவுமே பேச்சுக்கு உதவவில்லை. குழந்தை என்ற சொல்லுக்கு ஒரு குழந்தையைக் காட்டுவது பார்ப்பவருக்குப் புதிதாக எதையும் தருவதில்லை. சொல் ஏற்கெனவே அந்தப் படத்தை மனதில் வரைந்துவிட்டது. எங்கிருந்தோ வந்த அந்நியக் குழந்தை அந்த மனப்படத்தைக் கலைக்கத்தான் செய்யும். இது எடிட்டிங்கில் வந்த தவறு இல்லை. எழுதும்போது நான் காதுக்கு மட்டும் எழுதினேன், கண்ணுக்கு என்ன என்பதை எடிட்டிங் மேசைக்குத் தள்ளிவிட்டேன். பேசி முடித்த காட்சியில் எடிட்டர் என்னதான் செய்வார்? கையில் இருப்பது ஒரு முகமும் சந்தா எடுத்த துண்டுகளும்தான். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த ஆறு வாரமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இப்போது ஸ்கிரிப்டை அட்டவணைபோலப் பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுகிறேன். முதல் பத்தியில் நான் பேசுவது. இரண்டாவதில் அந்த நேரத்தில் திரையில் தெரிவது. இந்த இரண்டு பத்தி முறை தொலைக்காட்சியிலும் விளம்பரப் படங்களிலும் வெகுகாலமாக இருப்பதுதான். மூன்றாவது பத்தியை நானாகச் சேர்த்துக்கொண்டேன். இங்கே ஏன் மாற வேண்டும் என்று நாலைந்து சொல்லில் எழுதும் பத்தி அது. "சலிக்கும்" என்று எழுதத் தோன்றினால் அந்த மாற்றத்தை அடித்துவிடுவேன். "கேள்வி பிறக்கிறது", "அளவு கண்ணுக்குத் தெரிய வேண்டும்", "எதிர்ப்பக்கம் திரும்புகிறேன்" என்று ஏதாவது வந்தால்தான் வைத்துக்கொள்வேன். பேசும் பத்தியில் ஒரு வரிக்கு ஒரு எண்ணம் மட்டும் இருக்கும். எண்ணம் திரும்பும் இடத்தில் வரியை உடைக்க வேண்டும். அப்படி எழுதினாலே மாற்றம் எங்கே வர வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

நேரத்தைக் கணக்கிட நொடிமுள் வைத்து என் பேச்சையே அளந்தேன். எனக்கு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 105 சொற்கள் வருகின்றன. அப்படியென்றால் ஐந்து நொடிக்கு ஒன்பது சொல். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளும் என்பதால் ஆங்கிலத்துக்குச் சொல்லும் கணக்கு நமக்கு ஒத்துவராது, நீங்களும் உங்கள் பேச்சை அளந்து பாருங்கள். ஒரு முழுப் பக்கத்தை சத்தமாக வாசித்து, எடுத்த நேரத்தால் சொற்களை வகுத்தால் போதும். இந்த எண் கையில் இருந்தால், எழுதும்போதே இருபத்தைந்து சொல் தாண்டியும் இரண்டாவது பத்தி காலியாக இருக்கிறதே என்று கண்ணில் படும். காலியாக இருப்பது எப்போதும் தவறில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் தெரிந்து காலியாக விட வேண்டும்.

ஒரு பகுதியை அப்படியே பிரித்துக் காட்டுகிறேன். ஷட்டர் வீடியோவில் முக்கியமான நாற்பது நொடி இது. பழைய எடிட்டில் இதற்குள் பதின்மூன்று மாற்றங்கள் இருந்தன. புதிதாக எழுதியபோது முதல் வரி இப்படி: "கேமராவை நீங்கள் ஆட்டவே இல்லை. ஆனாலும் ஓடிவரும் குழந்தையின் முகம் கலங்கிவிட்டது." இடுப்பு வரை தெரியும் என் உருவத்தில் தொடங்குகிறது, "கலங்கிவிட்டது" வரும்போது நானே எடுத்த கலங்கிய படம் திரை முழுக்க நான்கு நொடி நிற்கிறது. சொல்லால் காட்ட முடியாததை அந்தப் படம் காட்டுகிறது. பின்னணிச் சுவர் கூர்மையாக இருக்கிறது, முகம் மட்டும் இழுபட்டிருக்கிறது. அதைக் கவனிக்க அந்த நான்கு நொடி வேண்டும். பழைய எடிட்டில் அதே படம் ஒன்றரை நொடியில் போய்விட்டது, யாரும் சுவரைப் பார்த்திருக்கவே முடியாது.

அடுத்த வரி, "தவறு உங்கள் கையில் இல்லை." இங்கே முகத்துக்குச் சற்று நெருங்கி வருகிறேன். பார்ப்பவரிடம் நேராகச் சொல்லும் ஆறுதல் அது, அதனால் கிட்டே போவது பொருந்துகிறது. அதற்கடுத்து, "ஷட்டர் 60-இல் ஒரு பங்கு நொடி திறந்திருந்தது. அந்த நேரத்துக்குள் குழந்தை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்?" இந்த வரியில் திரையில் எதையும் மாற்றவில்லை. கேள்வி கேட்டதும் ஒரு நொடி சும்மா இருக்கிறேன். அந்த ஒரு நொடியில் பார்ப்பவர் மனதில் ஒரு விடை ஓட வேண்டும், அப்போது காட்சியைத் தட்டினால் அந்த விடை கலைந்துவிடும்.

அப்புறம் என் விரல்கள் மட்டும் தெரியும் க்ளோசப். "நொடிக்கு மூன்று மீட்டர் ஓடினால், ஐந்து சென்டிமீட்டர்." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. அதே ஷாட்டில், வெட்டாமல், "500-இல் ஒரு பங்காக வைத்தால்" என்று சொல்லிக்கொண்டே விரல்கள் மெதுவாக நெருங்கி ஆறு மில்லிமீட்டரில் நிற்கின்றன. இங்கே கட் கிடையாது, ஜூம் கிடையாது. ஆனாலும் கண் நகராது, ஏனென்றால் விடையே கண்ணெதிரில் நகர்ந்துகொண்டிருக்கிறது. என் வீடியோக்களில் இதுவரை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த எட்டு நொடி அதுதான். பணம் கொடுத்து வாங்கிய தொகுப்புகளில் இது கிடைத்திருக்காது, எழுதும்போது யோசித்ததால் மட்டும் கிடைத்தது. கடைசியாக, "ஆனால் இதற்கு ஒரு இழப்பு உண்டு" என்று சொல்லும்போது திரை சட்டென்று இருள்கிறது. 60-இலிருந்து 500-க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அதைச் சொல்வதற்குப் பதில் என் உருவத்தையே அந்த அளவுக்கு இருட்டாக்கினேன். இருட்டிலிருந்தபடியே அடுத்த பகுதியைப் பேச ஆரம்பிக்கிறேன், கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணர்கிறது என்ற அளவான ஐஎஸ்ஓவை ஏற்றியதும் வெளிச்சம் திரும்பி வருகிறது. பதின்மூன்று மாற்றங்கள் இருந்த இடத்தில் இப்போது இருப்பவை ஐந்தாறுதான்.

இதிலிருந்து மாற்றங்களைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பார்க்கப் பழகினேன். முகத்தின் அளவு மாறுவது சிறியது. வேறு படமோ பொருளோ எழுத்தோ வந்து போவது நடுத்தரம். இடம், வெளிச்சம், கோணம், பேசும் விதம் என்று எல்லாம் மாறுவது பெரியது. சிறியது ஒரு வாக்கியத்துக்குள் வரலாம். நடுத்தரம் ஒரு எண்ணத்துக்கு ஒன்று போதும். பெரியதை ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வேன், ஒன்பது நிமிடத்துக்கு நாலைந்துக்கு மேல் போனால் அது பெரியதாகவே தெரியாது. முதல் முப்பது நொடியில் மட்டும் நெருக்கமாக வைக்கிறேன், நான்கைந்து நொடிக்கு ஒன்று. வந்தவர் இருப்பதா போவதா என்று முடிவு செய்யும் நேரம் அது. என் இரண்டாவது எடிட்டில் அந்த 52 சதவீதம் 61 ஆனதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த வேகத்தையே கடைசிவரை இழுத்ததுதான் தவறு. அதற்கப்புறம் இடைவெளியைச் சீராக வைப்பதில்லை. ஒரு இடத்தில் நான்கு நொடி, அடுத்து பன்னிரண்டு, அடுத்து ஏழு என்று எண்ணம் போகிற போக்கில் வரட்டும்.

முகத்தை நெருக்கிக் காட்டும் பஞ்ச்-இன் பற்றிச் சில விஷயங்கள் தெரியாமல் நான் நிறைய நேரம் வீணாக்கினேன். ஐந்து சதவீதம் பெரிதாக்கினால் அது மாற்றமாகத் தெரியாது, ஏதோ தவறுதலாகக் குதித்த மாதிரித் தெரியும். இருபது சதவீதமாவது வேண்டும். பெரிதாக்கும்போது கண்கள் திரையில் முன்பு இருந்த உயரத்திலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் கண் ஒவ்வொரு முறையும் என் கண்ணைத் தேடி மேலும் கீழும் அலையும். என் இரண்டாவது எடிட்டில் தலைவலி வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். 1080-இல் எடுத்துவிட்டு 1080-இலேயே வெளியிட்டால், பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் மெல்ல மழுங்கும், முப்பது சதவீதத்துக்கு மேல் போனால் எனக்கே கண்ணில் குத்துகிறது. 4கே-யில் எடுத்து 1080 டைம்லைனில் போட்டால் இரண்டு மடங்கு வரை கூர்மை போகாது, ஏனென்றால் 4கே படத்தின் அகலமும் உயரமும் 1080-ஐப் போலச் சரியாக இரட்டிப்பு. கேமரா 4கே எடுக்கவில்லை என்றால், நெருக்கமாகத் தெரிய வேண்டிய வரிகளை மட்டும் ஸ்கிரிப்டில் குறித்து வைத்துக்கொண்டு, கேமராவைக் கிட்டே நகர்த்தி இன்னொரு முறை பேசி எடுப்பது நல்லது. நான் முதல் சில மாதம் அப்படித்தான் செய்தேன், பார்க்க இன்னும் நன்றாகவே இருந்தது.

படப்பிடிப்பு நாளில் இரண்டாவது பத்தி ரொம்ப உதவும். அதை மட்டும் தனியாக எழுதி, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் எடுக்க வேண்டியவற்றை ஒன்றாகச் சேர்த்துக்கொள்வேன். விரல் க்ளோசப்கள் எல்லாம் ஒரே மூச்சில், அப்புறம் இருட்டில் பேசும் வரிகள், அப்புறம் மற்றவை. பேசி முடித்த பிறகு இதை எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டால், களைப்பில் பாதியை விட்டுவிடுவோம், எடிட்டிங்கில் அந்த ஓட்டையை அடைக்க மறுபடி பொதுத் துண்டுகளைத் தேடிப் போவோம். கையை ஆட்டிப் பேசும் வரிகளில் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். ஒருமுறை லென்ஸைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டிய வரியை வெறுங்கையோடு பேசிவிட்டு, அந்த ஆறு நொடிக்காக விளக்குகளை மறுபடி நிறுத்தி, அதே சட்டையைத் தேடிப் போட்டு, அரை நாள் போனது.

எடிட்டிங்கில் ஒரு நுணுக்கம். படம் வர வேண்டிய சொல்லுக்கு ஐந்து ஃப்ரேம் போல முன்னால் வந்தால் எனக்குச் சரியாக அமைகிறது, நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் அது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. சொல் முடிந்த பிறகு படம் வந்தால் எடிட்டர் தூங்கி எழுந்து போட்ட மாதிரி இருக்கும். திரையில் போடும் எழுத்தை, நிதானமாக இரண்டு முறை படிக்கும் நேரம் வரை நிறுத்தி வைப்பேன். பேசும் வாக்கியத்தை அப்படியே எழுத்தாகப் போடுவதை விட்டுவிட்டேன். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைப் பற்றிச் சோதனைகள் செய்திருக்கிறார். படமும் குரலும் சேர்ந்து விளக்கும்போது, குரல் சொல்வதையே எழுத்தாகவும் சேர்த்துக் காட்டினால் கற்பது பெரும்பாலும் குறையத்தான் செய்கிறது. கண் ஒரே நேரத்தில் படத்தையும் எழுத்தையும் பார்க்க வேண்டியிருப்பதுதான் காரணம். அதனால் "1/60 = 5 செ.மீ." என்று, பேச்சில் நழுவிப் போகும் எண்ணை மட்டும் போடுகிறேன். காது கேளாதவர்களுக்கும் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்கும் வசன வரி கட்டாயம் வேண்டும், அதை வேண்டியவர் போட்டுக்கொள்ளும் தனிக் கோப்பாகத் தருகிறேன்.

இப்போது அந்த இரண்டு நிமிடம் பத்தாவது நொடிக்கு வருகிறேன். கிராஃபில் விழுந்த இடத்தைப் பார்த்து, அந்த நொடியில்தான் ஏதோ தவறு என்று நினைத்து நான் அங்கே போய் எஃபெக்ட்களைக் கொட்டினேன். காரணம் அதற்குப் பன்னிரண்டு நொடி முன்னால் இருந்தது. "ஆக, ஷட்டர் வேகம் என்றால் அவ்வளவுதான்" என்று குரலைத் தாழ்த்தி, தலையை ஆட்டி, முடித்துவைத்துப் பேசியிருந்தேன். கேட்டவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, பாடம் முடிந்தது என்று நானே சொல்லிவிட்டேன், அவர்கள் பத்து நொடி பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்த இடத்தில் எவ்வளவு பெரிய மாற்றம் போட்டாலும் நிற்காது, ஏனென்றால் போக முடிவு செய்தாகிவிட்டது. புதிய ஸ்கிரிப்டில் அந்த முடிப்பு வரியையே எடுத்துவிட்டு, விரல் ஆறு மில்லிமீட்டரில் நின்ற அதே மூச்சில் "இதற்கு ஒரு இழப்பு உண்டு" என்று அடுத்த கேள்வியை ஒட்டினேன், திரையையும் இருட்டாக்கினேன். கிராஃபில் ஒரு பள்ளம் தெரிந்தால், அதற்கு முந்தைய பதினைந்து நொடியை எழுத்தாக வாசித்துப் பாருங்கள். குரல் தாழ்ந்து முடியும் வரி ஒன்று அங்கே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மேலே எழும் கூம்பையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கிராஃபில் கோடு ஏறினால், பார்த்தவர்கள் பின்னால் போய் மறுபடி பார்க்கிறார்கள் அல்லது வேறிடத்திலிருந்து தாவி அங்கே வருகிறார்கள் என்று பொருள். பிடித்துப்போய்ப் பார்க்கலாம், புரியாமலும் பார்க்கலாம். இரண்டாவது எடிட்டில் எனக்கு ஒரு கூம்பு வந்தது, நல்ல இடம் போலிருக்கிறது என்று பூரித்தேன். அங்கே ஒரு அட்டவணை ஒன்றரை நொடி மட்டும் தெரிந்து மறைந்திருந்தது. படிக்க முடியாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். அடுத்த முறை அதையே ஏழு நொடி நிறுத்தினேன், கூம்பு போய்விட்டது, கோடு கீழே இறங்கவும் இல்லை.

காலியாக விடுவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஒன்பது நிமிட வீடியோவில் இப்போது இரண்டு இடங்களில் இருபது நொடிக்கு மேல் எதையும் மாற்றாமல் விடுகிறேன். ஒன்று, கணக்கு கொஞ்சம் சிக்கலாகும் இடம். மனதுக்குள் எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் புதுக் காட்சியைக் காட்டினால் எண் நழுவிவிடும். இன்னொன்று, என் வாழ்க்கையிலிருந்து சொல்லும் இடம். குடும்ப விழா ஒன்றில் மெதுவான ஷட்டரில் எடுத்து, ஒரு பெரியவரின் கடைசிப் படங்கள் எல்லாம் கலங்கிப்போனதை ஒரு வீடியோவில் சொன்னேன். முதலில் அங்கேயும் மூன்று காட்சிகள் எழுதி வைத்திருந்தேன். சத்தமாக வாசித்தபோது மூன்றாவது பத்தியில் காரணம் எழுத வரவில்லை, மூன்றையும் அடித்துவிட்டேன். முப்பத்திரண்டு நொடி, ஒரே ஷாட், நான் மட்டும். அந்த வீடியோவிலேயே கோடு ஏறக்குறைய மட்டமாக இருப்பது அந்த இடத்தில்தான்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஒரு சோதனை செய்கிறேன். கைபேசியில் குரலை மட்டும் பதிவு செய்து, திரையைப் பார்க்காமல் நடந்துகொண்டே கேட்பேன். எந்த இடத்தில் என் மனமே வேறெங்கோ போகிறதோ, அதைக் குறித்துக்கொள்வேன். அங்கே காட்சி மாற்றம் போடத் தோன்றும், போடக் கூடாது. முதலில் அந்த வரிகளைச் சுருக்கியோ இடம் மாற்றியோ பார்ப்பேன். பாதிக்கு மேல் எழுத்திலேயே சரியாகிவிடும். சொன்னதையே வேறு சொல்லில் திரும்பச் சொல்லும் வரிகளைக் கண்ணுக்கு எதைக் காட்டியும் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை.

புதிதாக எழுதி எடுத்த ஷட்டர் வீடியோ ஒன்பது நிமிடத்திலிருந்து எட்டு நிமிடம் பத்து நொடியாகச் சுருங்கியது. மாற்றங்களை எண்ணிப் பார்த்தேன், பெரியதும் சிறியதுமாக 74. முப்பதாவது நொடியில் 68 சதவீதம், சராசரியாகப் பார்த்த நேரம் நான்கு நிமிடம் ஐந்து நொடி. மூன்று முறையும் வந்த பார்வையாளர்கள் ஒரே ஆட்கள் இல்லை, அதனால் இந்த எண்களை அப்படியே ஒப்பிட முடியாது என்பதும் தெரியும். அதற்கப்புறம் போட்ட ஐந்து வீடியோக்களில் நான்கில் கோட்டின் வடிவம் இதேபோல வந்ததால்தான் நம்பிக்கை வந்தது. ஐந்தாவது, லென்ஸ் வகைகள் பற்றியது. அதில் நான்காவது நிமிடத்தில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. முந்தைய பதினைந்து நொடியை வாசித்துப் பார்த்துவிட்டேன், முடிப்பு வரி எதுவும் இல்லை. அங்கே மூன்று லென்ஸ்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறேன், மூன்றையும் ஒரே கோணத்தில், ஒரே அளவில், ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறேன். அடுத்த வாரம் அந்த மூன்றையும் மேசையில் சேர்த்து வைத்து, ஒரே ஷாட்டில் கையால் நகர்த்திக் காட்டி மறுபடி எடுக்கப் போகிறேன்.